65 வாற்று சார்ஜரும் 1 வாற்று மணிக்கூடும்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியிலோ கஸ்தூரியார் வீதியிலோ ஒரு போன் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இப்படியொரு பேச்சு காதில் விழும்.

“அண்ணை, போன மாதம் 65 வாற்று சார்ஜர் வாங்கினனான். போன் படபடவெண்டு ஏறுது. வாட்ச் மட்டும் பழைய சார்ஜரில எடுத்த அதே ஒண்டே முக்கால் மணித்தியாலம்தான் எடுக்குது. சார்ஜர் பழுதோ?”

“சார்ஜர் பிழையில்லைத் தம்பி. வாட்சின்ர தட்டுத்தான் சரியில்லைப் போல. வேறை ஒண்டு மாத்திப் பாருங்கோ.”

தம்பி, வாட்சை வைத்து ஏற்றும் புதுத் தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போவார். அதிலும் ஒன்றே முக்கால் மணித்தியாலம்தான் எடுக்கும். ஏனென்றால் சார்ஜரும் பழுதில்லை, தட்டும் பழுதில்லை. அந்த வாட்ச் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே முடிவு செய்துவிட்டார்கள். சார்ஜரின் முதுகில் எழுதியிருக்கும் 65 என்ற எண்ணுக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சுவரிலிருந்து தொடங்கி வாட்சின் உள்வரை போய்ப் பார்ப்போம்.

## வாற்று என்ற எண் எதைச் சொல்கிறது

மின்சாரத்தைப் பற்றிய மூன்று சொற்கள் இங்கே போதும். வோல்ற்றளவு என்பது தள்ளும் அழுத்தம். ஓட்டம் என்பது எவ்வளவு பாய்கிறது என்பது. அதை அம்பியரில் அளக்கிறோம். இரண்டையும் பெருக்கினால் வலு, அதாவது வாற்று. 5 வோல்ற்றில் 2 அம்பியர் பாய்ந்தால் 10 வாற்று.

இந்த மூன்றில் வோல்ற்றளவைத்தான் சார்ஜர் கொடுக்கிறது. ஓட்டத்தை, மாட்டியிருக்கும் பொருள் இழுத்துக்கொள்கிறது. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மூன்று துளைச் சொக்கற்றைப் பாருங்கள். 230 வோல்ற்று, 13 அம்பியர். பெருக்கினால் கிட்டத்தட்ட 3000 வாற்று. அதில் 9 வாற்று எல்ஈடி பல்ப் ஒன்றை மாட்டினால் பல்ப் 9 வாற்றைத்தான் எடுக்கும். 3000 வாற்று கிடைக்கிறதே என்று கூடுதலாக ஒளிராது. அதே சொக்கற்றில் கேத்திலை மாட்டினால் அது 2000 வாற்று எடுக்கும். சொக்கற்றின் எண், “இதற்கு மேல் என்னிடம் கேட்காதே” என்று சொல்லும் உச்சவரம்பு. சார்ஜரின் 65உம் அப்படித்தான்.

## 65 எங்கே ஒளிந்திருக்கிறது

இனிச் சார்ஜரைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் அவுட்புட் வரியைப் படியுங்கள். 65 வாற்று டைப்-சி சார்ஜர்களில் பொதுவாக இப்படி இருக்கும்:

1. 5 வோல்ற்று, 3 அம்பியர் — 15 வாற்று
2. 9 வோல்ற்று, 3 அம்பியர் — 27 வாற்று
3. 15 வோல்ற்று, 3 அம்பியர் — 45 வாற்று
4. 20 வோல்ற்று, 3.25 அம்பியர் — 65 வாற்று

65 என்பது கடைசி வரியில் மட்டும்தான் இருக்கிறது. 20 வோல்ற்றை ஏற்கக்கூடிய மடிக்கணினி வந்து கேட்டால்தான் அது வெளியே வரும். 5 வோல்ற்றில் நிற்கும்போது இதே சார்ஜர் வெறும் 15 வாற்று சார்ஜர்.

சார்ஜர் எப்போதும் 5 வோல்ற்றில்தான் தொடங்கும். அங்கிருந்து மேலே போக வேண்டுமென்றால் மறுமுனையில் இருக்கும் பொருள் பேச வேண்டும். இந்தப் பேச்சு முறைக்குப் பவர் டெலிவரி என்று பெயர். சார்ஜர் முதலில் மேலே உள்ள பட்டியலை அனுப்பும். போன் அதைப் படித்து, “எனக்கு 9 வோல்ற்று தா” என்று பதில் அனுப்பும். சார்ஜர் சம்மதித்த பிறகுதான் அழுத்தம் ஏறும். டைப்-சி பிளக்கில் இதற்கென்றே தனிக் கம்பி இருக்கிறது. பழைய அகலமான யூஎஸ்பி பிளக்கில் அது இல்லாததால், டேட்டா கம்பிகளில் சின்ன அழுத்தங்களைக் காட்டிப் பேசும் வேறு முறைகள் வந்தன. சில போன் கம்பனிகள் தங்களுக்கென்று தனிப் பாஷையே வைத்திருக்கின்றன. அந்தக் கம்பனியின் போன், கம்பனியின் கேபிள், கம்பனியின் சார்ஜர் மூன்றும் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். ஒன்று மாறினாலும் சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும்.

எந்த முறையானாலும் சட்டம் ஒன்றுதான். கேட்காமல் எந்த ஒழுங்கான சார்ஜரும் 5 வோல்ற்றைத் தாண்டாது. 65 வாற்று சார்ஜரில் வாட்சை மாட்டினால் எரிந்துவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. எரியாது. வேகமாக ஏறாததற்கும் எரியாததற்கும் காரணம் ஒன்றேதான்.

## தட்டுக்குள் என்ன இருக்கிறது

இனி அந்தச் சின்னத் தட்டைக் கையில் எடுப்போம். நம் கடைகளில் அதிகம் விற்கும் விலை குறைந்த வாட்ச்களின் தட்டு, இரண்டு காந்தங்களுக்கு நடுவே இரண்டு தங்க நிறப் புள்ளிகளைக் கொண்டது. அந்தப் புள்ளியை நகத்தால் அமர்த்தினால் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு உள்ளே போய் மறுபடி வெளியே வரும். அது ஒரு ஸ்பிரிங் ஊசி. வாட்சின் முதுகில் இருக்கும் தட்டையான உலோகப் பொட்டில் இது போய் அமர்கிறது.

கேபிள் வயர் நூல் போல மெல்லியதாக இருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் இரண்டே இரண்டு கம்பிகள்: 5 வோல்ற்று ஒன்று, பூச்சியம் மற்றது. டேட்டா கம்பி கிடையாது, பேசும் கம்பி கிடையாது. சில தட்டுகளில் நான்கு ஊசி இருக்கும். கூடுதலாக உள்ள இரண்டும் பெரும்பாலும் தொழிற்சாலையில் மென்பொருள் ஏற்றவும் பரிசோதிக்கவும் வைத்தவை.

ஆகவே சார்ஜரின் பட்டியல் வாட்சுக்குப் போகவே போகாது. போனாலும் வாசிக்க அங்கே ஆள் இல்லை. தட்டின் மறுமுனையில் என்ன பிளக் இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று விதமாக நடக்கும்:

1. அகலமான யூஎஸ்பி பிளக். அந்தத் துளையில் 5 வோல்ற்று எப்போதும் காத்திருக்கும். மாட்டியவுடன் ஏறும்.

2. டைப்-சி பிளக், உள்ளே ஒழுங்கான தடையுடன். டைப்-சி துளையில் சும்மா இருக்கும்போது மின்சாரமே இருக்காது. மறுமுனையில் 5.1 கிலோ ஓம் தடை ஒன்று தெரிந்தால்தான் சார்ஜர் 5 வோல்ற்றைத் திறந்துவிடும். அந்தத் தடை இருந்தால் 5 வோல்ற்று கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

3. டைப்-சி பிளக், தடை இல்லாமல். சதக் கணக்கில் மிச்சம் பிடிப்பதற்காகச் சில மலிவுத் தட்டுகளில் அந்தத் தடையை விட்டுவிடுகிறார்கள். புது 65 வாற்று சார்ஜரில் மாட்டினால் வாட்ச் ஏறவே ஏறாது. ஒரு அகலமான யூஎஸ்பி மாற்றியை இடையில் போட்டுப் பழைய சார்ஜரில் மாட்டினால் உடனே ஏறும். “புதுச் சார்ஜர் வாட்சுக்கு ஒத்துவராது” என்று கடைக்கடையாகச் சொல்லப்படுவதன் ஊற்று இதுதான். ஒத்துவராதது வாற்று அல்ல. காசு மிச்சம் பிடித்த ஒரு தடை.

## வாட்சுக்குள் இருக்கும் வாசல்காரர்

5 வோல்ற்று வாட்சுக்குள் நுழைந்ததும் நேரே பற்றரிக்குப் போவதில்லை. இடையில் சார்ஜிங் சிப் ஒன்று இருக்கிறது. வேகத்தை உண்மையில் தீர்மானிப்பவர் இவர்தான். நாம் சார்ஜர் என்று சொல்லும் சுவர்ப் பெட்டி, சரியாகச் சொன்னால், மின்சாரம் வழங்கும் பெட்டி மட்டுமே. பற்றரியை ஏற்றும் அசல் சார்ஜர் வாட்சுக்குள்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட சிப்களில் BQ25100 என்ற ஒன்றை உதாரணத்துக்கு எடுக்கலாம். கையில் அணியும் கருவிகளுக்கென்றே செய்யப்பட்டது; ஒரு உழுந்தைவிடச் சின்னது. அது பற்றரிக்குக் கொடுக்கக்கூடிய உச்ச ஓட்டமே 250 மில்லி அம்பியர், அதாவது கால் அம்பியர். அதற்குள் எவ்வளவு கொடுப்பது என்பதைப் பக்கத்தில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கும் ஒரு தடை சொல்லும். வடிவமைப்பாளர் 200 மில்லி அம்பியர் என்று தடையைத் தெரிவுசெய்திருந்தால், சுவரில் 5 வாற்றுப் பெட்டி இருந்தாலும் 100 வாற்றுப் பெட்டி இருந்தாலும் 200தான்.

“சரி, அழுத்தத்தைக் கூட்டி 9 வோல்ற்று கொடுத்தால் வேகம் கூடாதா?” என்று கேட்கலாம். இந்த வகைச் சிப்பில் நடப்பதை எண்களில் பார்த்தால் ஏன் கூடாது என்று புரியும். இது அழுத்தத்தை மாற்றித் தருவதில்லை. மிஞ்சிய அழுத்தத்தை வெப்பமாக்கித் தள்ளிவிடுகிறது. பற்றரி 3.8 வோல்ற்றில் இருக்கிறது, ஓட்டம் 0.2 அம்பியர் என்று வைப்போம்.

- 5 வோல்ற்று வந்தால்: பற்றரிக்குள் போவது 3.8 × 0.2 = 0.76 வாற்று. வெப்பமாகப் போவது 1.2 × 0.2 = 0.24 வாற்று.
- 9 வோல்ற்று வந்தால்: பற்றரிக்குள் போவது அதே 0.76 வாற்று. வெப்பமாகப் போவது 5.2 × 0.2 = 1.04 வாற்று.

ஓட்டம் மாறாததால் வேகம் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. வெப்பம் மட்டும் நான்கு மடங்குக்கு மேல் போய்விட்டது; பற்றரிக்குள் போவதைவிட வீணாவது கூட. காற்றுப் போக வழியில்லாத, தண்ணீர் புகாமல் அடைத்த ஒரு சின்ன டப்பாவுக்குள் இந்த வெப்பம் நிற்க வேண்டும். அதனால்தான் இந்த வகைச் சிப்கள் பலவும் 6 வோல்ற்றுக்குக் கொஞ்சம் மேலே போனாலே வாசலைச் சாத்திவிடுகின்றன.

விலை கூடிய வாட்ச்களில் அழுத்தத்தை வீணாக்காமல் மாற்றித் தரும் வேறு வகைச் சிப்களும் உண்டு. அங்கே வெப்பம் குறைவு. ஆனால் உச்ச ஓட்டத்தை முன்கூட்டியே கட்டிவைப்பது அங்கேயும் மாறாது.

## கட்டிவைப்பது ஏன்: பற்றரியின் அளவு

வடிவமைப்பாளர் கஞ்சத்தனம் பிடித்து 200 மில்லி அம்பியர் என்று வைக்கவில்லை. இன்றைய போன்களில் 5000 மில்லி அம்பியர் மணிப் பற்றரி சாதாரணம். வாட்சில் இருப்பது சுமார் 300. போன் பற்றரியின் பதினேழில் ஒரு பங்கு.

லிதியம் பற்றரியின் வேகத்தை எப்போதும் அதன் கொள்ளளவோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். 300 மில்லி அம்பியர் மணிப் பற்றரிக்கு 300 மில்லி அம்பியர் கொடுத்தால் அது ஒரு மடங்கு வேகம். 5000 பற்றரிக்கு 5000 கொடுத்தால் அதுவும் ஒரு மடங்கு வேகம். போனுக்குள் 5 அம்பியர் போவதும் வாட்சுக்குள் 0.3 அம்பியர் போவதும் பற்றரியின் கணக்கில் சமன். போன் ஏதோ பாய்ந்து ஏறுவது போலவும் வாட்ச் தவழ்வது போலவும் நமக்குத் தெரிவது வாற்றை மட்டும் பார்ப்பதால்தான்.

ஒரு வேடிக்கைக் கணக்குப் போடலாம். 300 மில்லி அம்பியர் மணிப் பற்றரியில் அடங்கும் சக்தி 0.3 × 3.85, அதாவது ஏறத்தாழ 1.15 வாற்று மணி. 65 வாற்றும் உண்மையாகவே உள்ளே போனால் 64 செக்கனில் நிரம்பிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குப் பற்றரிக்குள் பாய வேண்டிய ஓட்டம் கிட்டத்தட்ட 17 அம்பியர். நம் சுவர்ப் பிளக்குக்குள் இருக்கும் பியூஸே 13 அம்பியர்தான். கேத்திலுக்குப் போவதைவிடக் கூடிய ஓட்டத்தைத் தபால் முத்திரை அளவு பற்றரிக்குள் அனுப்ப வேண்டும்.

பற்றரிக்குள் ஏறுவது என்றால், லிதியம் அயன்கள் ஒரு பக்கத்திலிருந்து நகர்ந்து மறுபக்கத்தில் இருக்கும் காரீய அடுக்குகளுக்குள் புகுந்து உட்காருவது. பென்சிலில் இருக்கும் அதே காரீயம்தான், அடுக்கடுக்காக. புகுவதற்கு நேரம் எடுக்கும். புகும் வேகத்தைவிட வரும் வேகம் கூடினால், இடம் கிடைக்காத லிதியம் வாசலிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் பெரும்பங்கு திரும்பி வேலைக்கு வராது. அந்த அளவுக்குப் பற்றரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசி போல வளர்ந்தால் உள்ளேயே ஷோர்ட் ஆகும் அபாயமும் உண்டு.

வெப்பமும் இதோடு சேரும். லிதியம் பற்றரியை ஏற்றுவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 0 முதல் 45 பாகை செல்சியஸ். நமக்குக் கீழ் எல்லை தேவையில்லை, மேல் எல்லைதான் கிட்டே நிற்கிறது. சித்திரை வெயிலில் அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே யன்னல் ஓரம் வைத்து ஏற்றினால், வாட்சின் வெப்ப உணரி ஓட்டத்தைக் குறைக்கும் அல்லது முழுதாக நிறுத்தும். “மத்தியானத்தில் ஏறுவதில்லை, இரவில் ஏறுகிறது” என்றால் முதலில் வைத்த இடத்தைப் பாருங்கள்.

## ஒரு வாட்ச், நிமிடக் கணக்கில்

300 மில்லி அம்பியர் மணிப் பற்றரி, 200 மில்லி அம்பியர் சிப், இரண்டு ஊசித் தட்டு. திரையில் 20 வீதம் காட்டுகிறது. இன்னும் 240 மில்லி அம்பியர் மணி நிரப்ப வேண்டும். சார்ஜருக்கும் தட்டுக்கும் இடையே சின்ன யூஎஸ்பி மீற்றர் ஒன்றைச் செருகினால், நடப்பது முழுவதும் அதில் தெரியும்.

முதல் கட்டம். மீற்றர் 5.1 வோல்ற்று, 0.20 அம்பியர் என்று காட்டும். பெருக்கினால் 1 வாற்றுக்குக் கொஞ்சம் மேல். வாட்சின் திரை எரிந்தால் மட்டும் எண் சற்று எகிறி இறங்கும். 80 வீதம்வரை இப்படியே போகும். 180 மில்லி அம்பியர் மணியை 200 மில்லி அம்பியரில் நிரப்ப 54 நிமிடம்.

இரண்டாம் கட்டம். பற்றரி அதன் உச்ச அழுத்தத்தைத் தொட்டுவிட்டது. இனிச் சிப் அந்த அழுத்தத்தை அப்படியே பிடித்துக்கொள்ள, ஓட்டம் தானாகக் குறையும். 0.20 இருந்த இடத்தில் 0.15, பிறகு 0.09, 0.05 என்று மீற்றர் இறங்கும். மிச்சமிருக்கும் 60 மில்லி அம்பியர் மணிக்கு 45 நிமிடம்போலப் பிடிக்கும். 0.02க்குக் கிட்ட வந்ததும் சிப் நிறுத்திவிடும்.

ஆக மொத்தம் 100 நிமிடம். தம்பி சொன்ன ஒன்றே முக்கால் மணித்தியாலம் வந்துவிட்டது.

இப்போது பெட்டியை மட்டும் மாற்றுங்கள். பழைய போனோடு வந்த 5 வாற்றுச் சார்ஜர் 1 அம்பியர் தரக்கூடியது. வாட்ச் அதில் ஐந்தில் ஒன்றைத்தான் எடுக்கிறது. 65 வாற்றுச் சார்ஜர் 5 வோல்ற்றில் 3 அம்பியர் தரக்கூடியது. வாட்ச் பதினைந்தில் ஒன்றை எடுக்கிறது. பழைய கணினியின் யூஎஸ்பித் துளை அரை அம்பியர் தரும். அதிலும் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. மூன்றிலும் மீற்றர் காட்டுவது அதே 0.20.

பல துளைச் சார்ஜரில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. வாட்ச் ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் துளையில் போனைச் செருகினால், சார்ஜர் வலுவைப் புதிதாகப் பங்கிடுவதற்காக எல்லாத் துளைகளையும் ஒரு கணம் நிறுத்தித் தொடங்கும். வாட்ச் ஒருமுறை அதிர்ந்து மறுபடி “சார்ஜ் ஆகிறது” என்று காட்டும். அது பழுதல்ல.

## வேகமாக ஏறும் வாட்ச்கள் இருக்கின்றனவே

இருக்கின்றன. 2021இல் வந்த அப்பிள் வாட்ச் சீரிஸ் 7 அவற்றில் ஒன்று. சுமார் 45 நிமிடத்தில் 80 வீதம் ஏறும் என்று அப்பிள் சொன்னது. அடுத்த ஆண்டு வந்த சாம்சங் கலக்சி வாட்ச் 5உம் முந்தியதைவிட வேகமாக ஏறியது. ஆனால் இங்கே மாறியது எது என்று கவனிக்க வேண்டும். வாட்சுக்குள் இருக்கும் சிப்பும் பற்றரியும் மாறின, கூடவே தட்டும் மாறியது. அப்பிளின் வேகத் தட்டை அதன் டைப்-சி பிளக்கைக் கொண்டும், வட்டத்தைச் சுற்றி உள்ள அலுமினிய விளிம்பைக் கொண்டும் அடையாளம் காணலாம். பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டில் அதே வாட்சை வைத்தால் பழைய வேகம்தான். புதுத் தட்டில் பழைய சீரிஸ் 6 வாட்சை வைத்தாலும் பழைய வேகம்தான்.

இந்தத் தட்டுகள் சுவர்ப் பெட்டியோடு பேசக்கூடியவை. அதனால் இங்கே பெட்டிக்கும் ஒரு நிபந்தனை வருகிறது: பவர் டெலிவரி தெரிந்ததாக இருக்க வேண்டும். ஆனால் அப்பிள் கேட்கும் குறைந்தபட்ச வலு வெறும் 5 வாற்றுத்தான். 20 வாற்றுப் பெட்டி அதற்குத் தாராளம். 20இலிருந்து 65க்கோ 100க்கோ போனால் கூடுவது விலை மட்டும்.

## அப்படியானால் முன்பைவிட மெதுவாக ஏறுவது ஏன்

வாங்கிய புதிதில் ஒன்றே முக்கால் மணித்தியாலம் எடுத்த வாட்ச் இப்போது மூன்று மணித்தியாலம் எடுக்கிறது என்றால் அது வேறு கதை. அநேகமாகக் குற்றவாளி அந்த இரண்டு ஊசிகளின் நுனியில் இருக்கும்.

வியர்வையின் உப்பு, சவர்க்காரம், கசூரினாக் கடற்கரையில் குளித்துவிட்டு வந்த உப்பு எல்லாம் வாட்சின் முதுகிலுள்ள பொட்டில் காய்ந்து படலமாகும். ஈரத்தோடு அப்படியே தட்டில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு ஊசிகளுக்கும் நடுவே உப்புத் தண்ணீர், குறுக்கே 5 வோல்ற்று. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்த மின்பகுப்புப் பரிசோதனை அப்படியே உங்கள் மேசையில் நடக்கும். தங்கப் பூச்சு அரித்து, அடியில் பச்சையோ கறுப்போ தெரியத் தொடங்கும்.

இந்தப் படலம் மின்சாரத்துக்குத் தடை. மொத்தமாக 3 ஓம் என்று வைப்போம். 0.2 அம்பியர் பாயும்போது 0.6 வோல்ற்று அங்கேயே போய்விடும். சார்ஜர் 5.0 கொடுத்தால் வாட்சுக்குள் சேர்வது 4.4. பற்றரி காலியாக, 3.7இல் இருக்கும்போது அது போதும், ஓட்டம் குறையாது. பற்றரி 4.2ஐ நெருங்கும்போதுதான் சிக்கல். தள்ளுவதற்கு மிஞ்சியிருப்பது 0.2 வோல்ற்று மட்டுமே. சிப் திணறி ஓட்டத்தைக் குறைக்கும். படலம் இன்னும் தடித்தால் பாதி வழியிலேயே திணறல் தொடங்கும்.

மீற்றர் இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். 80 வீதத்துக்குப் பிறகு இறங்க வேண்டிய எண், 50இலோ 60இலோ இறங்கத் தொடங்கும். தட்டை விரலால் சற்று அழுத்தினால் எண் ஏறும், விட்டால் இறங்கும். மீற்றர் இல்லையென்றால் வாட்சைத் தட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். சார்ஜ் அடையாளம் வந்து வந்து போனால் விஷயம் அங்கேதான். பார்மசியில் விற்கும் ஸ்பிரிட்டில் பஞ்சைத் தொட்டு இரண்டு பக்கத்தையும் துடைத்து, பழைய பல் பிரஷால் ஊசியைச் சுற்றித் தேய்த்து, காய்ந்த பிறகு வைத்தால் பெரும்பாலும் பழைய நேரம் திரும்பிவிடும். பெரிய சார்ஜர் இதற்கு மருந்தல்ல. அதன் வாயிலும் வருவது அதே 5 வோல்ற்றுத்தான்.

## பெரிய பெட்டி வித்தியாசம் காட்டும் இடம்

ஒரே ஓரிடத்தில் 65 வாற்றுப் பெட்டிக்கும் 5 வாற்றுப் பெட்டிக்கும் வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது நமக்குச் சாதகமானது அல்ல.

வாட்சை எடுத்துவிட்டுத் தட்டைச் சுவரில் மாட்டியபடியே மேசையில் விட்டுவிடுகிறோம். அகலமான யூஎஸ்பியில் அதன் ஊசிகளில் 5 வோல்ற்று இருந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு திறப்புக் கோர்வை கிடந்தால் காந்தம் அதை இழுத்து ஊசிகளின் குறுக்கே ஒட்டிக்கொள்ளும். முழு ஷோர்ட் என்றால் எந்தப் பெட்டியும் உடனே நின்றுவிடும். சிக்கல், அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருப்பதில். 5 வாற்றுப் பெட்டி 1 அம்பியருக்கு மேல் கொடுக்காமல் படுத்துவிடும். பெரிய பெட்டிக்கு 3 அம்பியர் சர்வசாதாரணம். அதைப் பழுதாகவே கருதாது. 0.2 அம்பியருக்காகச் செய்த நூல் போன்ற வயரிலும் ஊசி நுனியிலும் 15 வாற்றுவரை வெப்பமாக இறங்கலாம். பிளாஸ்டிக் உருகிய தட்டுகளில் ஊசி ஒரு பக்கமாகச் சரிந்து நிற்பதைப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். வாட்சை எடுத்ததும் சொக்கற்றின் சுவிச்சை அமர்த்திவிடுங்கள்.

இன்னொரு பக்கம் பவர் பேங்க். 2022இல் நாளுக்குப் 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கியவை இன்னும் கிடக்கின்றன. அதில் வாட்சை வைத்தால் முதலில் நன்றாக ஏறும், பிறகு 80க்கும் 90க்கும் இடையில் நின்றுவிடும். பவர் பேங்க் பழுதென்று நினைக்க வேண்டாம். இரண்டாம் கட்டத்தில் ஓட்டம் 0.05 அம்பியர் அளவுக்கு இறங்கும்போது, “மாட்டியிருந்த போன் நிரம்பிவிட்டது போல” என்று பவர் பேங்க் முடிவு செய்து தன்னை நிறுத்திக்கொள்கிறது. பல பவர் பேங்க்களில் பொத்தானை இரண்டுமுறை அமர்த்தினால் குறைந்த ஓட்டத்துக்கான நிலைக்குப் போகும், அதற்குப் பிறகு நிற்காது. அந்த வசதி இல்லாததென்றால் மற்றத் துளையில் போனையும் சேர்த்து மாட்டிவிடுங்கள். போன் இழுக்கும் ஓட்டத்தில் பவர் பேங்க் விழித்திருக்கும். 10,000 மில்லி அம்பியர் மணிப் பவர் பேங்க் ஒன்று இப்படி 300 மில்லி அம்பியர் மணி வாட்சை ஏறத்தாழ 20 தடவை நிரப்பும்.